பின்தேதியிட்ட காசோலை

வரப்போகும் ஒரு தேதியை எழுதி இன்றே கொடுத்துவைக்கும் காசோலை. கடை வாடகைக்கும் தவணைக்கும் பல மாதக் காசோலைகளை மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். தேதி வருமுன் வங்கி பணம் தராது; தேதி வந்தபின் 3 மாதம் வரை செல்லும்.

கடையநல்லூரில் ஒருவர் மாதம் 8,000 ரூபாய்க்கு 12 காசோலை கொடுத்து, 7 மாத வாடகை தீர்ந்ததும் கடையைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவியைக் கொடுக்கும்போதே மிச்சமுள்ள 5 காசோலைகளையும் வாங்கிவிட வேண்டும். 'அப்புறம் தாரேன்' என்பதில்தான் ஆபத்து. கிடைக்காவிட்டால் காசோலை எண்களைக் குறித்து, பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கலாம். உரிமையாளருக்கும் காரணத்தை விரைவுத் தபாலில் எழுத வேண்டும்.

வாடகை பாக்கி இருந்தால் இப்படிப் பணத்தை நிறுத்துவது காப்பாற்றாது. நிறுத்திய காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. காசோலை திரும்பிய பின் வரும் அறிவிப்பைப் பெற்ற 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் அந்தப் பிரிவில் வழக்கு நிற்காது.

காசோலைக்குப் பதில் ரொக்கமோ புதுக் காசோலையோ கொடுப்பவர், பழையதைக் கையில் வாங்கிய பிறகே கொடுப்பது நல்லது.