காத்திருப்போர் பட்டியல் பயணச்சீட்டுகளும் இறுதி அட்டவணையும்

இந்திய இரயில்வேயில் முன்பதிவு செய்யும்போது படுக்கையோ இருக்கையோ கிடைக்காத பயணிக்குக் காத்திருப்போர் பட்டியல் எண்ணுடன் பயணச்சீட்டு வழங்கப்படுகிறது. வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, சார்ட் எனப்படும் இறுதி அட்டவணை தயாரிக்கப்படும். அதுவரையிலும் இடம் உறுதியாகாத சீட்டு இணையத்தில் பெறப்பட்ட மின்பயணச்சீட்டாக இருந்தால், அது தானாகவே நீக்கப்பட்டுப் பணம் திருப்பி அனுப்பப்படும். முன்பதிவு மையத்தின் கவுன்ட்டரில் பெறப்பட்ட அச்சுச் சீட்டாக இருந்தால், அது நீக்கப்படுவதில்லை; அதை வைத்திருப்பவர் தாமே இரத்து செய்தால்தான் பணம் கிடைக்கும். ஒரே வண்டிக்கு, ஒரே கட்டணத்தில் பெற்ற இரண்டு சீட்டுகள் இவ்வாறு வேறுபடுவதன் காரணத்தையும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரிசை ஒன்றே

கவுன்ட்டரில் சீட்டு வாங்கியவருக்கே முதலில் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் பயணிகளிடையே பரவலாக உள்ளது. இது சரியன்று. கவுன்ட்டரும் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளமும் ஒரே கணினி முன்பதிவு அமைப்பிலிருந்தே இடங்களை எடுக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஒதுக்கீட்டில், ஒரு குறிப்பிட்ட வகுப்பில், காத்திருப்போர் எண் பதிவு செய்த வரிசைப்படியே வழங்கப்படுகிறது. உறுதி செய்யப்பட்ட ஒருவர் தம் சீட்டை இரத்து செய்தால், ஆர்.ஏ.சி. பட்டியலில் முதலில் இருப்பவர் படுக்கை பெறுவார். காத்திருப்போரில் முதல் எண் ஆர்.ஏ.சி.க்கு முன்னேறும். அந்த முதல் எண் எங்கே வாங்கப்பட்டது என்பதைக் கணினி பார்ப்பதில்லை. வேறுபாடு தொடங்குவது அட்டவணை தயாராகும் கணத்தில்தான்.

முதல் அட்டவணை பல ஆண்டுகளாக வண்டி புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பு தயாரிக்கப்பட்டு வந்தது. பயணிகள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அந்நேரம் போதவில்லை என்பதால், 2025-ஆம் ஆண்டில் இது முன்னதாகவே தயாரிக்கப்படும் வகையில் மாற்றப்பட்டது. அவ்வாண்டு சூலையில் 8 மணி நேரம் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் மேலும் முன்னோக்கி நகர்த்தப்பட்டது.

காரணம்: தாளும் பதிவும்

கவுன்ட்டரில் தரப்படும் சீட்டு, கட்டணம் செலுத்தப்பட்டதற்கான சான்றாகவும் பயணம் செய்வதற்கான அனுமதியாகவும் ஒருங்கே விளங்கும் ஒரு தாள் ஆகும். அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டுதான் இரயில்வே பணத்தைத் தர இயலும். பெரும்பாலோர் ரொக்கம் கொடுத்து வாங்குவதால், பணத்தை யாருக்கு, எந்தக் கணக்கில் செலுத்துவது என்பது அமைப்புக்குத் தெரியாது. தாள் பயணியின் கையில் இருக்கும்போதே கணினியில் அச்சீட்டை நீக்கிவிட்டால், பணமும் திரும்பாத, பயணமும் செய்ய முடியாத நிலைக்கு அவர் தள்ளப்படுவார். எனவே, தாள் ஒப்படைக்கப்படும் வரை அச்சீட்டு உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது. அதன் காத்திருப்போர் எண்ணும் அட்டவணையில் தொடர்கிறது.

மின்பயணச்சீட்டில் ஒப்படைப்பதற்கு எதுவும் இல்லை. பயணி வைத்திருக்கும் அச்சுப்படியும் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியும் கணினியில் உள்ள ஒரு பதிவின் படிகளே. அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்பதிவை உயிருடன் வைத்திருந்தால், ஒருவர் பொதுப்பெட்டியில் பயணம் செய்துவிட்டு, பயணம் செய்யவில்லை என்று கூறிப் பணத்தையும் கோரலாம். இல்லையென்று காட்டத் தாள் ஏதும் இராது. மறுபுறம், பணம் வந்த வழி அமைப்புக்குத் தெரியும் என்பதால், அதே வழியில் திருப்பி அனுப்புவதும் எளிது. ஆகவே பதிவை நீக்கிப் பணத்தைத் திருப்புவதே இரு தரப்புக்கும் ஐயமற்ற வழி என்ற முடிவு எடுக்கப்பட்டது.

வேறுபாடு வாங்கிய இடத்தால் அன்று, சீட்டின் வடிவத்தால் ஏற்படுவது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணைய முன்பதிவைத் தொடங்கியபோது வழங்கியது ஐ-டிக்கெட் ஆகும். பணம் இணையத்தில் செலுத்தப்பட்டது. ஆனால் கவுன்ட்டர் சீட்டைப் போன்ற அச்சுச் சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. இதனை இரத்து செய்ய, தாளைக் கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இணையத்தில் வாங்கப்பட்டும் அது தாள் சீட்டாகவே நடத்தப்பட்டது. தாளே இல்லாத மின்பயணச்சீட்டு 2005-இல் வந்த பிறகே இரண்டு விதமான நடைமுறைகள் தேவைப்பட்டன. ஐ-டிக்கெட் தற்போது வழக்கில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

மாலை 5 மணிக்குப் புறப்படும் ஒரு வண்டியின் படுக்கை வசதிப் பெட்டிக்கு, அட்டவணை தயாராகும்போது மூவர் காத்திருப்போராக எஞ்சியுள்ளனர் என்று கொள்வோம். கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் என்க. முதல் எண் கவுன்ட்டர் சீட்டு, இரண்டாம் எண் மின்பயணச்சீட்டு, மூன்றாம் எண் மீண்டும் கவுன்ட்டர் சீட்டு. மூவரும் தனித்தனியே பயணம் செய்பவர்கள்.

அட்டவணை தயாரானவுடன் இரண்டாம் எண் நீக்கப்படுகிறது. எழுத்தர் கட்டணமாக 60 ரூபாய் கழிக்கப்பட்டு, 440 ரூபாய் அவர் பணம் செலுத்திய கணக்கிற்கே செல்லும். இதற்காக அவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. முன்பதிவின்போது இணையதளம் பெற்ற வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது.

முதலாம், மூன்றாம் எண்காரர்களின் பெயர்கள் காத்திருப்போராகவே தொடரும். பணம் வேண்டுமெனில் அவர்கள் வண்டியின் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பாக, அதாவது மாலை 4.30-க்குள், சீட்டை இரத்து செய்தாக வேண்டும். கழிவு அதே 60 ரூபாய்தான். ஆனால் மூன்றாம் எண்காரர் 4.40-க்குக் கவுன்ட்டரை அடைந்தால் 500 ரூபாயும் போய்விடும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணத்திருப்ப விதிகள் இந்தக் கெடுவைக் கண்டிப்பாக வகுத்துள்ளன. கவுன்ட்டர் வரிசையில் நின்று நேரத்தைத் தவறவிடுவோர்க்கு மாற்றுவழி ஒன்று உண்டு. முன்பதிவுப் படிவத்தில் கைப்பேசி எண்ணைத் தந்திருந்தால், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ 139 என்ற எண்ணிலோ அந்தக் கெடுவுக்குள் சீட்டை இரத்து செய்துவிட்டு, பின்னர் குறிப்பிட்ட காலத்துக்குள் கவுன்ட்டரில் தாளைக் கொடுத்துப் பணம் பெறலாம். படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோர் இவ்வசதியை இழக்கின்றனர்.

இனி வண்டி புறப்பட்ட பின் நடப்பதைக் காண்போம். இடம் உறுதியான சிலர் வரவில்லை. படுக்கைகள் காலியாக உள்ளன. பயணச்சீட்டுப் பரிசோதகர் அவற்றை முதலில் ஆர்.ஏ.சி. பயணிகளுக்குத் தரவேண்டும். அதன் பிறகும் மிஞ்சினால் காத்திருப்போருக்கு வரிசைப்படி தரலாம். இவ்வாறு இரண்டு படுக்கைகள் மிஞ்சினால் அவை முதலாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் போகும். மூன்றாமவருக்கு முன்பே பதிவு செய்த இரண்டாமவர் பட்டியலிலேயே இல்லை. மின்பயணச்சீட்டுப் பயணியின் உண்மையான இழப்பு இதுவே: பணம் பத்திரமாகத் திரும்புகிறது, வரிசையில் இருந்த இடம் பறிபோகிறது. அட்டவணைக்குப் பின் அவ்வண்டியில் உடனடி முன்பதிவுக்கு இடம் இருந்தால் அவர் புதிய சீட்டு வாங்கலாம். பழைய வரிசை எண் அதற்கு உதவாது.

நீக்கப்பட்ட மின்பயணச்சீட்டின் அச்சுப்படியுடன் வண்டி ஏறுபவர் பயணச்சீட்டு இல்லாதவராகவே கருதப்படுவார். அவரிடம் கட்டணமும், கூடுதல் தொகையாகக் கட்டணத்திற்கு இணையான தொகை அல்லது 250 ரூபாய் இவற்றுள் எது அதிகமோ அதுவும் வசூலிக்கப்படும். பி.என்.ஆர். விசாரணையில் Chart Prepared என்ற குறிப்பும் தம் பெயருக்கு நேரே WL என்ற எழுத்துகளும் தெரிந்தால், கவுன்ட்டர் சீட்டுக்காரர் இரத்து செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும் என்றும், மின்பயணச்சீட்டுக்காரர் தம் பயணம் முடிந்துபோனது என்றும் பொருள்.

கவுன்ட்டர் சீட்டின் எல்லை

உயிருடன் இருக்கும் கவுன்ட்டர் சீட்டு, முன்பதிவுப் பெட்டியில் ஏறுவதற்கான உரிமை அன்று. அதைக் கொண்டு முன்பதிவற்ற பொதுப்பெட்டியில் பயணம் செய்யலாம். நடைமுறையில் பலர் படுக்கை வசதிப் பெட்டிகளில் ஏறிக்கொள்வதும், பரிசோதகர்கள் கண்டும் காணாமல் விடுவதும் நெடுங்காலமாக இருந்துவந்தன. கவுன்ட்டர் சீட்டுக்கு இருந்த மதிப்பில் பெரும்பகுதி இந்தத் தளர்வினால் உண்டானதே எனலாம். 2025 மே மாதம் முதல், காத்திருப்போர் சீட்டுடன் படுக்கை வசதி, குளிர்சாதனப் பெட்டிகளில் பயணம் செய்வதைத் தடுக்கும் விதி கண்டிப்புடன் செயல்படுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது.

நீதிமன்றத்தில்

மின்பயணச்சீட்டுக்காரர்கள் பாகுபடுத்தப்படுகின்றனர் என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், கவுன்ட்டர் சீட்டுக்காரர்களோடு ஒப்பிட அவர்களுக்குப் பாதகம் நேராதவாறு நடவடிக்கை எடுக்குமாறு 2014-இல் தில்லி உயர் நீதிமன்றம் இரயில்வேயைப் பணித்தது. இதை எதிர்த்த இரயில்வேயின் மேல்முறையீடு 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காத்திருப்போர் மின்பயணச்சீட்டுடன் இனி வண்டி ஏறலாம் என்று அப்போது நாளிதழ்கள் சில எழுதின. எனினும், முழுவதும் காத்திருப்போராக உள்ள மின்பயணச்சீட்டுகளை அட்டவணையின்போது நீக்கும் நடைமுறை அதன் பிறகும் தொடர்ந்தது.

கலப்புச் சீட்டு

நீக்கும் விதி, சீட்டில் உள்ள அனைவரும் காத்திருப்போராக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நால்வருக்கு ஒரே மின்பயணச்சீட்டு எடுத்து, அவர்களுள் ஒருவருக்கேனும் இடம் உறுதியானாலோ ஆர்.ஏ.சி. கிடைத்தாலோ, நால்வரின் பெயர்களும் அட்டவணையில் இடம்பெறும். அப்போது பணம் தானாகத் திரும்பாது. அக்குடும்பம் பயணத்தைக் கைவிட்டால், நால்வருக்கும் சேர்த்து வண்டி புறப்படும் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பு வரை இணையத்தில் சீட்டை இரத்து செய்யவோ, டி.டி.ஆர். எனப்படும் கோரிக்கையைப் பதிவு செய்யவோ வேண்டும். அவ்வாறு செய்தால், இடம் உறுதியானவருக்கும் எழுத்தர் கட்டணம் மட்டுமே கழிக்கப்படும். தானாகவே பணம் வந்துவிடும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுவது, மின்பயணச்சீட்டில் பணம் இழக்கும் வழிகளுள் அடிக்கடி நேர்வதாகும்.