பனையும் மட்டையும்: வெட்டு முனைகளைக் கண்டறியும் வழிமுறையின் வரலாறு

ஒரு வலைப்பின்னலில் எந்த ஓர் இணைப்பு அறுந்தால் அது இரண்டாகப் பிரியும்? எந்த ஒரு முனையை நீக்கினால் எஞ்சியவை சிதறும்? முன்னது பாலம் எனப்படும். பின்னது வெட்டு முனை. இவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு விளிம்பாக நீக்கி, கோட்டுரு இன்னும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் முழுதும் சுற்றிப் பார்ப்பதே அது. 10,000 முனைகளும் 20,000 விளிம்புகளும் கொண்ட கோட்டுருவில் இதற்கு ஏறத்தாழ 60 கோடி படிகள் தேவைப்படும்.

இந்தச் செலவைக் குறைக்கும் தேவை வேறொரு கேள்வியிலிருந்து எழுந்தது. 1970-71இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாப்கிராஃப்ட் ஸ்டான்ஃபோர்டில் ஓராண்டு தங்கியிருந்தார். ராபர்ட் டார்ஜன் அப்போது அங்கே ஆய்வு மாணவர். விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரு கோட்டுருவைத் தாளில் வரைய முடியுமா என்பதை விரைவாகத் தீர்மானிப்பதே இருவரின் இலக்கு. வெட்டு முனைகளில் பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும் அவ்வாறு வரைய முடிந்தால், முழுக் கோட்டுருவையும் வரைய முடியும். ஆகவே வெட்டு முனைகளைக் கண்டறிவது முதற்படியாயிற்று.

அவர்கள் கையாண்ட கருவி ஆழம்வழித் தேடல். புதிர்வழிகளில் வழிதப்பாமல் நடக்கும் முறையாக அது 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1972இல் வெளியான தம் கட்டுரையில், திசையற்ற கோட்டுருவை இவ்வாறு தேடும்போது உருவாகும் அமைப்புக்கு டார்ஜன் பனைமரம் என்று பெயரிட்டார். புதிய முனைக்கு இட்டுச் செல்லும் விளிம்புகள் மரமாகும். முன்பே கண்ட மூதாதை முனைக்குத் திரும்பும் விளிம்புகள் மட்டைகளாகும். இரு வேறு கிளைகளை இணைக்கும் விளிம்பு இதில் தோன்றவே முடியாது. ஒரு கிளை பிழைக்குமா என்பதை அதன் மட்டைகளே முடிவுசெய்கின்றன.

எனவே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்கள் போதும். disc[v] என்பது அந்த முனையைக் கண்ட வரிசை எண். low[v] என்பது v-யிலிருந்து மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கீழிறங்கி, பின் ஒரே ஒரு மட்டை வழியாக ஏறி எட்டக்கூடிய மிகச் சிறிய வரிசை எண்.

```
மர விளிம்பு v→w : low[v] = min(low[v], low[w])
மட்டை v→w      : low[v] = min(low[v], disc[w])
```

A-B, B-C, C-A, C-D, D-E, E-C, D-F என்னும் ஏழு விளிம்புகளை எடுத்துக்கொள்வோம். A-யில் தொடங்கி அகர வரிசையில் தேடினால் A முதல் F வரை 1 முதல் 6 வரையான எண்கள் கிடைக்கும். C-யிலிருந்து A-க்கு ஒரு மட்டை உண்டு; ஆகவே low[C] = 1. E-யிலிருந்து C-க்கு ஒரு மட்டை உண்டு; ஆகவே low[E] = 3, low[D] = 3. F-க்கு மட்டையே இல்லை; low[F] = 6.

D-யின் எண் 4. low[F] அதைவிடப் பெரியது. F-இன் கிளைக்கு மேலேற வேறு வழியில்லை. எனவே D-F பாலம், D வெட்டு முனை. C-யின் எண் 3, low[D]-யும் 3. D-யின் கிளை C வரை ஏறுகிறது, அதைத் தாண்டவில்லை. எனவே C வெட்டு முனை. ஆனால் C-D பாலமன்று. பாலத்துக்கு low[w] > disc[v] என்றும், வெட்டு முனைக்கு low[w] ≥ disc[v] என்றும் நிபந்தனைகள் வேறுபடுவது இதனால்தான். வேர் முனைக்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு மேலே முனைகளே இல்லாததால், இரண்டு பிள்ளைகளேனும் இருந்தால் மட்டுமே வேர் வெட்டு முனையாகும். A-க்கு ஒரே பிள்ளை. அது வெட்டு முனையன்று.

அதே கட்டுரை திசையுள்ள கோட்டுருக்களுக்கும் இதையொத்த ஓர் எண்ணை வரையறுக்கிறது. முதலாவதன் பெயர் LOWPT, இரண்டாவதன் பெயர் LOWLINK. பிற்கால வழக்கில் இரண்டும் low என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. திசையுள்ள நிலையில் வலுவாக இணைந்த பகுதிகளைக் காணும்போது disc[w]-க்குப் பதிலாக low[w] என்று எழுதினாலும் விடை மாறாது. வெட்டு முனைகளில் அது பிழையாகும். மேற்கண்ட கோட்டுருவில் அவ்வாறு எழுதினால் E-யானது C-யின் low மதிப்பான 1-ஐப் பெறும். Low[D]-யும் 1 ஆகிவிடும். C வெட்டு முனை என்பது மறைந்துபோகும். C-யை நீக்கிய பின்னும் C வழியாகவே A-யை எட்டலாம் என்று கணக்கிட்டதே தவறு. வரையறையிலுள்ள ‘ஒரே ஒரு மட்டை’ என்னும் சொற்கள் காப்பது இதைத்தான்.

மற்றொரு பிழை இரட்டை விளிம்புகளில் நேரும். D-க்கும் F-க்கும் இடையே இரண்டு இணைப்புகள் இருந்தால் அங்கே பாலம் இல்லை. ஆனால் தாய் முனைக்குத் திரும்பும் எல்லா விளிம்புகளையும் நிரல் ஒதுக்கிவிட்டால், பாலம் உண்டென்றே அது சொல்லும். ஒதுக்க வேண்டியது வந்த விளிம்பை மட்டுமே; வந்த முனையையன்று.

ஒவ்வொரு விளிம்பையும் இரு முனைகளிலிருந்தும் ஒருமுறை பார்ப்பதோடு வேலை முடிவதால், 60 கோடி படிகள் சில பத்தாயிரங்களாகச் சுருங்கின. 1973இல் இருவரும் இதை நிரல் வடிவிலும் வெளியிட்டனர். தளத்தில் வரையும் கேள்விக்கான அவர்களின் விடை 1974இல் வெளிவந்தது.