மும்பாயின் ஹிமாலயா நடைபாலம்: இரும்பு நின்றது, தரை விழுந்தது



ரோட்டுக்கு மேலால் போகும் இரும்பு நடைபாலத்தை நாம் பார்க்கும்போது கண் போவது கைப்பிடிக்கும் பெயின்டுக்கும்தான். மும்பாயில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பார்வை மாறிவிட்டது.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்தையும் எதிர்ப்பக்கத்து ஒழுங்கையையும் இணைத்து, வாகனம் ஓயாத டி.என். வீதிக்கு மேலாக 1980களில் கட்டப்பட்டது ஹிமாலயா பாலம். 2008 தாக்குதலுக்குப் பின் சனங்கள் அதை ஒரு கொலையாளியின் பெயரால் அழைத்தார்கள். பாவம், பாலம் என்ன செய்யும்!

2019 மார்ச் 14, வேலை விட்டுச் சனம் திரும்பும் மாலை நேரம். தரையின் ஒரு பகுதி அப்படியே கழன்று வீதியில் விழுந்தது. ஆறு பேர் இறந்ததாக மறுநாள் கணக்கு. காயப்பட்டவர்கள் 30க்கு மேல். இறந்தவர்களில் மூவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரவு வேலைக்குப் போன பெண்கள். அந்நேரம் சிக்னலில் சிவப்பு விழுந்து வாகனங்கள் நின்றிருந்ததாம்; இல்லாவிட்டால் கீழேயும் மையித்துகள் விழுந்திருக்கும்.

கவனியுங்கள், இரும்புச் சட்டம் விழவில்லை. விழுந்தது அதன்மேல் கிடந்த கொங்கிரீட் பலகை.

இப்படியான பாலத்தில் நீளமான பிரதான இரும்புகள் பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுபோகும். அவற்றுக்கிடையே குறுக்கு இரும்புகள், அவற்றின்மேல் தரைப்பலகை. மழைநீர் வடியாமல் தேங்கினால், பலகை இரும்பில் உட்காரும் இடத்திலும் பலகைக்குள்ளே உள்ள கம்பியிலும் துரு ஏறும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது கொங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி வெடிக்க வைக்கும். மேலே நடப்பவருக்கு இது தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் பழுப்புக் கறையும், கொங்கிரீட் உரிந்து எட்டிப் பார்க்கும் கம்பியும் தெரியும்.

இன்னொன்று, அழகுக்காகத் தரைமேல் தரை போடுவது. நடைபாலத்துக்குச் சனக்கூட்டத்தின் பாரமாகச் சதுர மீற்றருக்குச் சுமார் 500 கிலோ கணக்கெடுப்பார்கள். அதாவது ஏழு பேர் நெருக்கிக்கொண்டு நிற்பது போல. ஐந்து சென்ரிமீற்றர் சாந்தும் டைல்ஸும் போட்டால் அதே இடத்தில் நூறு கிலோவுக்கு மேல் கூடும். ஆள் போய்விடுவார், டைல்ஸ் இராப்பகலாக அங்கேயே கிடக்கும். மெல்லிய இரும்புப் பாலத்தில் அளவு பார்த்தே இரும்பு போட்டிருப்பதால், இப்படிக் கூட்டிய பாரத்துக்கு அங்கே அதிகம் இடமிராது.

மனதை உறுத்துவது வேறு. விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அந்தப் பாலத்தைப் பரிசோதித்து, சிறு திருத்தம் போதும், பாவிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பரிசோதித்த பொறியியலாளர் பின்னர் கைதானார்.

மிஞ்சியதையும் இடித்து, 2023இல் புதிய பாலம் திறந்தார்கள். இம்முறை துருப்பிடிக்காத உருக்கு.