இடைநிறுத்தக் குறி (நாடகப் பிரதி)

நாடகப் பிரதியில் பேச்சு எங்கே நின்று தொடர வேண்டும் என்று ஆசிரியரே எழுதிவைக்கும் குறிப்பு. இதை மிக நுணுக்கமாகக் கையாண்டவர் ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் (1930–2008). அவரது பிரதிகளில் மூன்று படிகள் உண்டு. மூன்று புள்ளி வைத்தால் பாத்திரம் சொல் கிடைக்காமல் தயங்குகிறது. ‘இடைநிறுத்தம்’ என்றால் வாய் நின்றாலும் எண்ணம் ஓடுகிறது. ‘மௌனம்’ என்றால் அடுத்த பேச்சு வேறொரு மனநிலையிலிருந்து தொடங்குகிறது. அவர் நாடகங்களை இயக்கிய பீட்டர் ஹால், இந்தக் குறிகளுக்கென்றே தனி ஒத்திகை நடத்தினார்.

குறி முக்கிய வாக்கியத்துக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணன் தம்பியிடம் பேசும் ஒரு காட்சி:

“வீட்ட வித்துட்டேன். (இடைநிறுத்தம்) சாப்டியா?”

இங்கே செய்தி உறைக்க நேரம் கிடைக்கிறது. கேள்வி, அண்ணன் தப்பிக்கப் பார்ப்பதாகக் கேட்கிறது. குறியை வாக்கியத்துக்கு முன்னால் நகர்த்தினால், ஏதோ வரப்போகிறது என்று அவை உஷாராகிவிடும். செய்தி இறங்குமுன் கேள்வி அதை மூடிவிடும்.

நடிகர் மனத்துக்குள் விநாடி எண்ணிக்கொண்டு நின்றால் காட்சி தொய்யும். அவையில் இருமல் எழுவது அதற்கு அடையாளம். நடிகர்கள் தம் நிறுத்தங்களை மிகைப்படுத்துவதாகப் பின்டரே பிற்காலத்தில் குறைப்பட்டதுண்டு.