இருட்டில் உட்கார்ந்திருந்த செரன்கோவ்

அணு உலைத் தண்ணீரின் நீல வெளிச்சத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது முதலில் முறையாக ஆராயப்பட்ட கதை 1930-களின் லெனின்கிராடில் நடக்கிறது. ஆய்வு மாணவர் பாவெல் செரன்கோவ், வழிகாட்டி செர்கேய் வாவிலோவ்.

யுரேனிய உப்புக் கரைசல்கள் காமா கதிரில் ஒளிர்வதை அளப்பதுதான் வேலை. கருவி, அவருடைய கண்தான். ஒளி அவ்வளவு மங்கல் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிய பிறகே அளக்கத் தொடங்குவாராம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. உப்பே இல்லாத வெறும் திரவமும் நீலமாக ஒளிர்ந்தது. அழுக்கு கலந்திருக்குமோ? தண்ணீரைச் சுத்தம் செய்தும் ஒளி போகவில்லை. வழக்கமான ஒளிர்வை அணைத்துவிடும் பொருள்களைக் கலந்தார், சூடாக்கினார். இது அசையவே இல்லை. அப்படியானால் இது ஒளிர்வு இல்லை. காமா கதிர் தட்டிவிடும் எலக்ட்ரான்கள்தான் காரணம் என்று வாவிலோவ் 1934-ல் சொன்னார். அது சரி. ஆனால் எலக்ட்ரான் வேகம் குறையும்போது இந்த ஒளி வருகிறது என்று நினைத்தார். அது தவறு.

பிறகு செரன்கோவ் இன்னொன்றைக் கண்டார். ஒளி எல்லாப் பக்கமும் பரவவில்லை, எலக்ட்ரான் போகும் திசையை ஒட்டி முன்பக்கம் சாய்ந்தே வந்தது. 1937-ல் ஃப்ராங்கும் தாமும் காரணம் சொன்னார்கள்: சீரான வேகத்தில் போகும் எலக்ட்ரானும் ஒளி வீசும், அந்த ஊடகத்தில் ஒளி போகும் வேகத்தை அது மிஞ்சினால்.

வெற்றிடத்து ஒளி வேகத்தை யாரும் மிஞ்சவில்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் ஒளி அங்கே 0.75 மடங்கு வேகத்தில்தான் போகிறது. எலக்ட்ரான் அதைத் தாண்ட 0.26 மெகா எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் போதும். புரோட்டான் கனமானது, அதே வேகத்துக்கு அதற்குச் சுமார் 485 வேண்டும்.

கோணம் எப்படி வருகிறது? எலக்ட்ரான் ஒரு தூரம் ஓடும் நேரத்தில், அது கிளம்பிய புள்ளியிலிருந்து ஒளி அதைவிடக் குறைந்த தூரமே போகும். இந்த இரண்டு தூரங்களின் விகிதமே கோணத்தின் கோசைன்:

cos θ = 1/(nβ)

வேகம் 0.75-ஐத் தொடும்போது கோணம் பூஜ்யம். 0.9-ல் சுமார் 33 டிகிரி. ஒளி வேகத்தை நெருங்கினால் 41 டிகிரி. அதற்கு மேல் தண்ணீரில் போகாது.

நான் ரொம்ப நாள் குழம்பியது இங்கேதான். படகு வேகமெடுத்தால் பின்னால் விரியும் அலை குறுகுமே, இங்கே கோணம் ஏன் கூடுகிறது? இரண்டும் வேறு வேறு கோணங்கள். அலைமுகப்பின் கூம்பு இங்கேயும் குறுகத்தான் செய்கிறது, 49 டிகிரி வரை. ஒளிக்கதிர் அந்த முகப்புக்குச் செங்குத்தாகப் போகிறது. 41-உம் 49-உம் கூட்டினால் 90. அவ்வளவுதான் விஷயம்.

1958-ல் செரன்கோவ், ஃப்ராங்க், தாம் மூவருக்கும் நோபல் பரிசு. வாவிலோவ் 1951-லேயே இறந்துவிட்டார். ரஷ்யாவில் இன்றும் பலர் இதை வாவிலோவ்-செரன்கோவ் கதிர்வீச்சு என்றுதான் சொல்கிறார்கள்.