இன்டர்ன்ஷிப் நடுவில் செமஸ்டர் தேர்வா? மேலதிகாரிக்கு லீவு கடிதம் எழுதுவது எப்படி?

நெருள், பேலாப்பூர், மஹாபே பக்கம் இருக்கும் அலுவலகங்களில் இன்டர்னாகச் சேரும் கல்லூரி மாணவர்களில் செம்பூர், மாட்டுங்கா, தாராவியில் இருந்து ரயில் ஏறி வரும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. காலையில் அலுவலகம், மாலையில் வீடு என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பல்கலைக்கழக டைம்டேபிள் வந்துவிடும். "எப்படிக் கேக்குறது? சர்டிஃபிகேட் தரமாட்டேன்னு சொல்லிட்டா?" என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது.

பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. புதிய கல்விக் கொள்கைப்படி மகாராஷ்டிராவில் பட்டப்படிப்பிலேயே பணியிடப் பயிற்சி ஒரு பாடமாகச் சேர்ந்துவிட்டது. 'ஓஜேடி' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு 4 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அதாவது மொத்தம் 120 மணி நேரம் வேலை பார்த்ததாக நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் லீவு போட்டால் அந்த மணிக்கணக்கு குறையும். ஆகவே உங்கள் கடிதத்தைப் படிக்கும் மேலதிகாரிக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். எந்தெந்த நாள் வரமாட்டீர்கள்? விட்ட மணி நேரத்தை எப்போது ஈடுகட்டுவீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும் கடிதம்தான் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்ற பதிலோடு கிடப்பில் விழுகிறது.

முதலில் கணக்கு, பிறகு கடிதம்

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நெருளில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 6 மணி நேரம் வேலை. 120 மணி நேரம் என்றால் 20 வேலை நாட்கள். அக்டோபர் 27, திங்கட்கிழமை சேர்ந்தார். இடையில் அரசு விடுமுறை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் நவம்பர் 21, வெள்ளியோடு முடிய வேண்டும். தேர்வுகள் நவம்பர் 11 செவ்வாய், 13 வியாழன், 15 சனி, 18 செவ்வாய்.

"10-ல இருந்து 18 வரைக்கும் லீவு வேணும்" என்று கேட்பது சுலபம். ஆனால் அதில் 7 வேலை நாட்கள் போகின்றன. சனிக்கிழமை தேர்வுக்கு லீவே தேவையில்லை, அன்று அலுவலகம் கிடையாது. 11, 12, 13 மூன்று நாளும் தொடர்ச்சியாக, பிறகு 18 மட்டும் தனியாக என்று கேட்டால் 4 நாட்களில் முடிந்துவிடும். நடுவில் உள்ள 12-ஆம் தேதி படிக்கவும் கிடைக்கும். தேர்வு நாளில் அரை நாள் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தேர்வு மையம் மாட்டுங்காவில் என்றால், நெருளில் இருந்து ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கே சென்ட்ரல் லைனுக்கு மாற வேண்டும். தேர்வு எழுதிய கையோடு அலுவலகம் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் போய் நிற்பதைவிட, முழு நாள் கேட்பதே நல்லது.

4 நாள் என்றால் 24 மணி நேரம். 10-ஆம் தேதி வரை 11 நாட்களில் 66 மணி நேரம் முடிந்திருக்கும். மீதி 54 மணி நேரத்துக்கு 9 நாள் வேண்டும்: நவம்பர் 14, 17, 19, 20, 21, பிறகு 24 முதல் 27 வரை. ஆக, பயிற்சி நவம்பர் 27, வியாழனன்று முடியும். இந்தத் தேதியைக் கடிதத்தில் எழுதும் முன் கல்லூரியில் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: சர்டிஃபிகேட் ஒப்படைக்கக் கடைசி நாள் எது? அது 27-க்கு முன்னால் என்றால், இரண்டு சனிக்கிழமை வரலாமா, தினமும் கூடுதல் நேரம் இருக்கலாமா என்று மாற்று வழியை நீங்களே எழுத வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். வரிசை இதேதான்:

*பொருள்: பல்கலைக்கழகத் தேர்வுக்காக விடுப்பு – நவம்பர் 11, 12, 13 மற்றும் 18*

*மதிப்பிற்குரிய மேடம்,*

*எனது ஐந்தாம் செமஸ்டர் தேர்வுகள் நவம்பர் 11, 13, 15, 18 ஆகிய தேதிகளில் நடக்கின்றன. இதற்காக நவம்பர் 11 முதல் 13 வரையும், 18 அன்றும், மொத்தம் 4 வேலை நாட்கள் விடுப்பு கேட்டுக்கொள்கிறேன். 14, 17 தேதிகளில் வழக்கம்போல் வருவேன்.*

*இதனால் குறையும் 24 மணி நேரத்தை ஈடுசெய்ய, என் பயிற்சியை நவம்பர் 21-க்குப் பதிலாக 27 வரை நீட்டிக்க அனுமதி வேண்டுகிறேன். அக்டோபர் மாத வவுச்சர் பதிவை 10-ஆம் தேதி மாலைக்குள் முடித்து ஒப்படைத்துவிடுவேன்.*

*தேர்வு அட்டவணையை இணைத்துள்ளேன். ஹால் டிக்கெட் கிடைத்ததும் அனுப்புகிறேன்.*

*நன்றியுடன்,*
*(பெயர், கல்லூரி, வகுப்பு, கைபேசி எண்)*

"தாழ்மையுடன் பணிந்து" வகையறா எதுவும் வேண்டாம். குடும்பக் கஷ்டம், உடம்பு சரியில்லை என்ற கதைகளும் வேண்டாம். தேர்வு என்பதே போதுமான காரணம். கே.டி. எழுதப் போகிறவர்கள் எந்தப் பாடத்தில் போனது என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை, "பல்கலைக்கழகத் தேர்வு" என்பது அவர்களுக்கும் உண்மைதான்.

எப்போது, யாருக்கு?

ஹால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது பல சமயம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். டைம்டேபிள் வெளியான அன்றே மேலதிகாரியிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் எச்.ஆருக்கும், கல்லூரியில் உங்கள் இன்டர்ன்ஷிப்பைக் கவனிக்கும் ஆசிரியருக்கும் போகட்டும். வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே" ஒரு மாதம் கழித்து சர்டிஃபிகேட் போடும் எச்.ஆருக்குத் தெரியாது.

தேதி மாறினால் அன்றே இன்னொரு மெயில். மும்பையில் இது நடக்காத விஷயமில்லை. 2024 ஜூலை 8 அன்று கனமழையால் மும்பை பல்கலைக்கழகம் தன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. அப்படி ஆனால், பழைய நாளுக்கு வாங்கிய லீவு தானாகப் புதிய நாளுக்கு மாறிவிடாது.

லாக்புக் விஷயத்தில் மட்டும் கவனம். லீவு நாளுக்கு எதிரே 'விடுப்பு – தேர்வு' என்றே எழுதுங்கள். "சும்மா ஆறு மணி நேரம் போட்டுக்கோ, நான் சைன் பண்ணிடறேன்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். அதே நாளில் நீங்கள் தேர்வு எழுதிய பதிவு பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

அப்ரெண்டிஸ் என்றால் வேறு

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர் என்றால் நீங்கள் சாதாரண இன்டர்ன் அல்ல, உங்களுக்கு விடுப்பு உரிமையே உண்டு. நிறுவனத்தில் நடைமுறையில் உள்ள விடுப்பும் விடுமுறைகளும் உங்களுக்கும் உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அங்கே தற்செயல் விடுப்பு இருந்தால், கடிதத்தில் "தற்செயல் விடுப்பில் 4 நாட்கள்" என்று எழுதலாம். சாதாரண இன்டர்னுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. ஆஃபர் லெட்டரில் இருப்பதுதான் கணக்கு. வராத நாளுக்கு உதவித்தொகை பிடிப்பார்களா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

மூன்று நாள் ஆகியும் பதில் வரவில்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். மறுத்தால், 12-ஆம் தேதியை விட்டுக்கொடுத்து 11, 13, 18 மட்டும் கேட்கலாம். அப்போது 18 மணி நேரம்தான் குறையும், 26-ஆம் தேதியே முடிந்துவிடும். அதுவும் நடக்கவில்லை என்றால், தேர்வு தேதிகளைக் குறிப்பிட்டுக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க ஆசிரியரைக் கேளுங்கள்.