பொது வாய்மொழித் தேர்வு: வினா வங்கியும் ஒத்திகையும்

பொது வாய்மொழித் தேர்வு என்பது முனைவர் பட்ட ஆய்வாளர் தம் ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் முன்னிலையிலும் அவையோர் முன்னிலையிலும் விளக்கி, எழும் கேள்விகளுக்கு வாய்மொழியாக விடையளிக்கும் இறுதிக் கட்டம். கல்லூரி வட்டாரங்களில் இதை வைவா என்றே சொல்வார்கள். தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மூலிகை அறிவைப் பற்றி ஒருவர் தாவரவியலில் ஆய்வேடு எழுதியிருப்பதாகக் கொள்வோம். கொல்லிமலை, சேர்வராயன் மலை, சித்தேரி மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இவ்வகை ஆய்வுகள் பல நடந்திருப்பதால், தேர்வாளர் எங்கே கை வைப்பார் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறிய முடியும். தருமபுரி மாவட்டம் 1997இல் சேலத்தில் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆகவே இந்தக் கற்பனை ஆய்வாளரின் தேர்வும் அங்கேயே நடப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

எப்படித் தயாராவது என்பதற்கு முன், இந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று தெரியவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். அவர்களின் அறிக்கைகள் நிறைவாக இருந்தால்தான் வாய்மொழித் தேர்வு நடக்கும். ஓர் அறிக்கை எதிராக வந்தால் ஆய்வேடு மாற்றுத் தேர்வாளருக்குப் போகும். ஆக, வைவா அரங்குக்குள் நுழையும்போது எழுத்து ஏற்கப்பட்டுவிட்டது. அதனால்தான் பலர் இதை வெறும் சடங்கு என்கிறார்கள். அது பாதி உண்மை. ஆய்வேடு தேறுமா என்ற கேள்வி அறிக்கைகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மிஞ்சியிருப்பது வேறு கேள்வி: இந்த வேலையை இவர்தான் செய்தாரா, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தார் என்று இவருக்குத் தெரியுமா? ஆகவே வினா வங்கியில் சேர வேண்டியவை 'அத்தியாயத்தில் என்ன இருக்கிறது' என்ற கேள்விகள் அல்ல, 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்ற கேள்விகள். பாடத்திட்டத்தைப் பார்த்துக் கேள்வி எழுதும் பள்ளிப் பழக்கம் இங்கே பயன்படாது.

வங்கியின் முதல் ஊற்று தேர்வாளர்களின் அறிக்கைகள். விளக்கம் கேட்டு அவர்கள் எழுதிய வரிகள் வைவாவில் பெரும்பாலும் மீண்டும் வரும், அதனால் அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஊற்று ஆய்வேட்டில் ஆய்வாளர் தேர்ந்தெடுத்த இடங்கள். பெரியூர், பால்சிலம்பு போன்ற சிற்றூர்களை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? தகவலாளிகளில் பெண்கள் எத்தனை பேர், அந்த எண்ணிக்கை மருத்துவச்சிகளின் அறிவைக் காட்டப் போதுமா? சொன்னவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றீர்களா, எந்த வடிவில்? மூன்றாவது ஊற்று ஆய்வுக்கு வெளியே நிற்பதுபோல் தோன்றி உள்ளே வந்துவிடும் பின்னணி. மலையாளிகளைப் பழங்குடி என்று எழுதினால், பழங்குடியினர் பட்டியலில் அவர்களுக்குரிய இடம் மாவட்டங்களின் பெயரோடு கட்டப்பட்டது என்பதும், ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்த அங்கீகாரத்துக்காக நெடுங்காலம் போராடியதும் தெரிந்திருக்க வேண்டும். சமூகவியல் தெரிந்த ஒருவர் அவையில் இருந்தால் இதைக் கேட்பார்.

ஒரு கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்த்தால் வங்கி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பது புரியும். இவ்வகை ஆய்வேடுகளில் தகவலாளிகளின் ஒருமித்த கருத்தை அளக்க டிராட்டர், லோகன் இருவரும் 1986இல் முன்வைத்த குறியீட்டைப் பயன்படுத்துவது வழக்கம்:

```
Fic = (Nur − Nt) / (Nur − 1)
```

இதில் `Nur` என்பது ஒரு நோய்வகைக்குக் கிடைத்த பயன்பாட்டுக் கூற்றுகளின் எண்ணிக்கை, `Nt` அவற்றில் குறிப்பிடப்பட்ட தாவரச் சிற்றினங்களின் எண்ணிக்கை. காய்ச்சலுக்கு 40 கூற்றுகளும் 10 சிற்றினங்களும் கிடைத்தால் 30ஐ 39ஆல் வகுத்து 0.77 வரும். 'இந்தக் குறியீடு என்ன?' என்பது முதல் கேள்வி. அதற்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். திறமையான தேர்வாளரின் இரண்டாவது கேள்வி வேறு: 'பாம்புக்கடிக்கு 1.00 என்று அட்டவணை காட்டுகிறது, அது காய்ச்சலை விட உறுதியான அறிவா?' அட்டவணையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டே பேர் ஒரே செடியைச் சொல்லியிருப்பார்கள். 2இலிருந்து 1ஐக் கழித்து, அதை 1ஆல் வகுத்தால் 1 வந்துவிடுகிறது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் வகுக்கும் எண் சுழியாகி, மதிப்பே இல்லாமல் போகும். கூற்றுகள் குறைந்த இடத்தில் குறியீடு ஏமாற்றும் என்று ஆய்வாளர் தாமாகச் சொன்னால் அந்த வேலை அவருடையது என்பதில் ஐயம் எழாது. சூத்திரத்தை மட்டும் ஒப்பித்தவர் இங்கே நின்றுவிடுவார். ஆகவே வங்கியில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அதன் தொடர்கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும். தொடர்கேள்வி எழுத வராத இடமே ஆய்வாளருக்கு இன்னும் விளங்காத இடம்.

பெயர்களிலும் இதே நிலைமைதான். கீழாநெல்லியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதுவது பழைய நூல்களில் பரவலான வழக்கம். ஆனால் அந்தப் பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அப்படிக் குறிப்பிடப்பட்டவை பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் போன்ற பிற சிற்றினங்கள். 'நீங்கள் பார்த்தது எது, எப்படி உறுதி செய்தீர்கள், உலர்தாவர மாதிரியின் எண் என்ன?' என்று தேர்வாளர் கேட்டால், கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் ஒப்பிட்டுச் சரிபார்த்த விவரம் நாக்கில் இருக்க வேண்டும்.

வங்கி தயாரானபின் பலர் செய்வது, ஒவ்வொரு கேள்விக்கும் பத்தி பத்தியாக விடை எழுதித் திரும்பத் திரும்பப் படிப்பது. இதற்கு எதிராகச் சான்று இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால்: 83 விழுக்காட்டுக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களிடம் 40, நினைவுகூர்ந்தவர்களிடம் 61. வைவாவுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும் அரங்கில் தொலைந்துபோவதும் இதனால்தான். அந்தச் சோதனையில் மாணவர்கள் எழுதினார்கள், பேசவில்லை, அதை வைத்து வாய்மொழித் தேர்வைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நேரடியான சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1977இல் மாரிஸ், பிரான்ஸ்ஃபர்டு, ஃபிராங்ஸ் ஆகியோர் காட்டியபடி, பயிற்சி எந்த வடிவில் நடந்ததோ அதே வடிவில் சோதனையும் அமைந்தால் நினைவு நன்றாக உதவுகிறது. அதன்படி பேச வேண்டிய தேர்வுக்குப் பேசிப் பழகுவதே பொருத்தம். எனவே ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அட்டையில் எழுதினால், அதன் பின்புறத்தில் விடை வேண்டாம். ஆய்வேட்டின் பக்க எண்ணும் மூன்று நினைவுச் சொற்களும் போதும்.

நான்கு வாரம் கைவசம் இருப்பதாக வைத்தால், முதல் வாரத்தில் அறுபது கேள்விகள் வரை சேர்க்கலாம். அந்த வாரக் கடைசியிலேயே முதல் ஒத்திகை நடக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தபின் பேசலாம் என்று காத்திருப்பது தவறு, ஏனென்றால் தெரியாத இடத்தைக் காட்டுவதே முதல் ஒத்திகையின் வேலை. ஓர் ஒத்திகைக்கு நாற்பது நிமிடம் போதும். அட்டைகளைக் கலைத்து வேறொருவர் பன்னிரண்டு கேள்விகளை எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிட விடை, உடனே ஒரு தொடர்கேள்வி. கைப்பேசியில் பதிவு செய்து பின்னர் கேட்கும்போது மூன்றை மட்டும் பார்க்கலாம்: விடை முதல் வாக்கியத்திலேயே வந்ததா, எண்கள் சரியா, கேட்டதற்கே பதில் சொன்னோமா? தடுமாறிய அட்டை இரண்டு நாளில் திரும்பி வரவேண்டும், சரளமாக வந்தது ஒரு வாரம் போகட்டும். தேர்வு நெருங்க இடைவெளியும் சுருங்கலாம். செபேடாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் கண்டபடி, 35 நாள் கழித்து நினைவிருக்க வேண்டுமானால் சுமார் 11 நாள் இடைவெளியும், 7 நாள் கழித்து என்றால் ஒரு நாள் இடைவெளியும் சிறந்த பலன் தந்தன.

இவ்வளவு பயிற்சி ஆளைக் கிளிப்பிள்ளையாக்கிவிடாதா என்பது மூத்த பேராசிரியர்கள் எழுப்பும் மறுப்பு. மனப்பாட விடையைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடிப்பார் என்பது உண்மைதான். ஆனால் மனப்பாடம் பிறப்பது எழுதிவைத்த விடையிலிருந்து. ஒரே கேள்விக்கு மூன்று ஒத்திகைகளில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தவரிடம் வாக்கியம் தங்காது, காரணம் தங்கும். ஒரே வாக்கியம் இரண்டு பதிவுகளில் மாறாமல் வந்தால், அந்தக் கேள்வியின் சொற்களை மாற்றி எழுத வேண்டும் என்று பொருள்.

மொழி இன்னொரு சிக்கல், பலர் இதைப் பேசுவதே இல்லை. வத்தல்மலையில் கள ஆய்வு முழுக்கத் தமிழில் நடந்திருக்கும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும். அரங்கில் வெளிமாநிலத் தேர்வாளர் இருந்தால் விடையும் ஆங்கிலத்தில் வேண்டும். பாட்டி ஒருத்தி கஷாயம் வைக்கும் முறையைத் தமிழில் அழகாக விவரிப்பவர், அதையே ஆங்கிலத்தில் சொல்லத் திணறும்போது விஷயம் தெரியாதவர்போல் தோன்றிவிடுவார். அது அவருக்கு நேரும் அநியாயம். இதைத் தடுக்க, முதல் இரண்டு ஒத்திகைகளைத் தமிழில் நடத்திக் காரணங்களைத் தெளிவாக்கிக்கொண்டு, அடுத்தவற்றைத் தேர்வு மொழியில் நடத்தலாம். தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் நடத்தினால், தடுமாற்றம் மொழியிலா விஷயத்திலா என்று பிரித்தறிய முடியாது.

நண்பர்கள் கேட்டால் மென்மையாகத்தான் கேட்பார்கள், அது பொய்த் தைரியம் தரும் என்பதும் சரியான கவலை. அதற்காகவே கேட்பவர்களில் ஒருவராவது வேறு துறையினராக இருக்க வேண்டும். புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் 'உங்கள் மாதிரி அளவை எப்படி முடிவு செய்தீர்கள்?' என்று மட்டும் கேட்டாலே பல ஆய்வேடுகள் ஆட்டம் காணும். நெறியாளரைக் கடைசி ஒத்திகைக்கு அழைப்பது நல்லது. முன்பே அழைத்தால் விடைகளை அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஒத்திகையால் நிரப்ப முடியாத ஓட்டையும் உண்டு. ஒரு செடிக்கு உலர்தாவர மாதிரியே சேகரிக்கவில்லை என்றால் எவ்வளவு பேசிப் பழகினாலும் அது வந்துவிடாது. அத்தகைய அட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் வேறு விதமாகத் தயாராக வேண்டும்: குறையை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்வது, அது எந்த முடிவைப் பாதிக்கிறது, எதைப் பாதிக்கவில்லை என்று சொல்வது, அட்டவணையிலிருந்து அந்தச் சிற்றினத்தை நீக்கினால் குறியீடு எவ்வளவு மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது. காய்ச்சல் எடுத்துக்காட்டில் ஒரே ஒருவர் சொன்ன ஒரு செடியை விலக்கினால் கூற்றுகள் 39, சிற்றினங்கள் 9. மதிப்பு 30ஐ 38ஆல் வகுத்து 0.79 ஆகிறது. இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவரிடம் தேர்வாளர் பெரும்பாலும் அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.